வரவேற்பு வாசல் பலகை: இரு வீட்டாருக்கும் பொருந்த எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

திருகோணமலையில் கலியாண வீடு என்றால் அழைப்பிதழுக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். வாசலில் வைக்கும் வரவேற்புப் பலகைக்கு வரும்போது, கடைசி வாரத்தில் யாராவது ஒரு தம்பியிடம் "பிளெக்ஸ் கடையில் கார்ட்டைக் கொடுத்து அடிச்சிட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் ஆரம்பமாகின்றன. அழைப்பிதழ் வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிற ஒன்று. பலகையை ஆட்கள் நடந்துகொண்டே பார்க்கிறார்கள். அதில் இருப்பதை இதில் அப்படியே ஏற்ற முடியாது.

ஒரு கலியாணத்தை எடுத்துக்கொள்வோம். பெண் கீர்த்தனா, திருகோணமலை நகரத்தில் சைவக் குடும்பம், தகப்பன் இல்லை. மாப்பிள்ளை அன்ரன், மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பம். வரவேற்பு மாலையில், செலவு இரு வீட்டாருக்கும் சரிபாதி. பெண் வீட்டில் முதலில் எழுதிய வாசகம் இது:

உ
சிவமயம்
எங்கள் குடும்பத்தின் கனிஷ்ட புதல்வி
திருநிறைச்செல்வி கீர்த்தனாவைக் கரம்பிடிக்கும்
மன்னார் மாப்பிள்ளை அன்ரன் குடும்பத்தினரையும்
உற்றார் உறவினரையும்
வருக வருக என வரவேற்கிறோம்
இங்ஙனம், பெண் வீட்டார்

எழுதியவர் அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அன்ரனின் தாய் தகப்பன் வாசலில் நின்று தங்கள் ஊராரை வரவேற்கப் போகிறவர்கள். பலகையோ அவர்களை விருந்தாளியாக்கி விட்டது. மன்னாரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியம்மா அதை வாசித்தால், தன் பெறாமகனுடைய விழாவுக்கு வேறொருவர் வீட்டுக்கு வந்தது போலத்தான் நினைப்பார். பலகையில் "எங்கள்", "இங்ஙனம்" என்று ஒரு வீட்டின் குரல் கேட்டால், மற்ற வீடு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தனியாக நடத்தும் வரவேற்பாக இருந்தால் ஒரு வீட்டின் குரலில் எழுதலாம், பிழையில்லை. இருவரும் சேர்ந்து நடத்தும்போது வரவேற்பவர் "இரு குடும்பத்தினரும்" ஆக இருக்க வேண்டும். வரவேற்கப்படுபவர் "நீங்கள்" மட்டும்தான்.

அடுத்தது தலைப்பில் வரும் சமயக் குறி. சைவ வீட்டுக்குப் பிள்ளையார் சுழி இல்லாமல் எதையும் தொடங்க மனம் வராது. அது நியாயம்தான். ஆனால் அதைப் பொதுப் பலகையில் மட்டும் போட்டு, சிலுவையை விட்டுவிட்டால் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். கவனிக்காமலும் இருக்க மாட்டார்கள். இரண்டையும் போடுவதென்றால் ஒரே அளவில், ஒரே உயரத்தில் போடுங்கள். என் விருப்பம் இரண்டையும் பலகையிலிருந்து எடுத்துவிடுவது. வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் எப்படியும் இருக்கும். பக்கத்தில் பன்னீர்ச்செம்பும் சந்தனமும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஜெபத்தோடு விழாவைத் தொடங்குவார்கள். சமயம் அங்கங்கே அதனதன் இடத்தில் நிறைவாகவே இருக்கிறது.

பெற்றோர் பெயர்களும் அப்படித்தான். அழைப்பிதழில் "காலஞ்சென்ற" என்று தகப்பன் பெயருக்கு முன்னால் போடுவது மரபு. வாசலில் ஆளுயரப் பலகையில் அதே சொல் நின்றால், வருகிற ஒவ்வொருவரும் முதலில் வாசிப்பது அதைத்தான். அந்தத் தாயும் அதன் பக்கத்திலேயே நின்று கைகூப்ப வேண்டும். ஒரு வீட்டுப் பெற்றோர் பெயரை மட்டும் எடுக்கவும் முடியாது. அதனால் இரு பக்கமும் எடுத்துவிடுங்கள். பட்டங்களுக்கும் இதே கணக்கு: கீர்த்தனா வைத்தியர் என்பதால் அதைப் போட்டு, அன்ரனை வெறும் பெயரோடு விட்டால் பார்க்கிற கண்கள் ஒப்பிடும். காலையிலேயே கலியாணம் முடிந்துவிட்டபடியால் செல்வன், செல்வியும் தேவையில்லை.

மிஞ்சுவது பெயர்கள். மண்டபத்தில் மேல் மாடியில் ஒன்று, கீழே ஒன்று என இரண்டு விழா நடக்கும் நாட்களில், ஆட்கள் பலகையில் தேடுவது பெயரைத்தான். அதனால் பெயர்தான் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. கேற்றிலிருந்து வாசல் 30 அடி என்றால் பெயர் 3 அங்குலம் இருக்க வேண்டும். கிட்ட வந்து வாசிக்கும் வரிகளுக்கு ஓர் அங்குலம் போதும்.

இங்கேதான் யார் பெயர் முதலில் என்ற கேள்வி வருகிறது. 3 அடி அகலமும் 4 அடி உயரமுமான பலகையில் இந்த அளவில் "கீர்த்தனா" ஏறக்குறைய 19 அங்குலம் பிடிக்கும், "அன்ரன்" 15. நடுவில் இடைவெளி, இரு பக்கமும் ஓரம் விட்டால் 36 அங்குலத்துக்குள் நெருங்கிப்போகும். அதனால் கடைக்காரர் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவார். உடனே மேல், கீழ் என்று வந்துவிடும். பலகையைப் படுக்கவைத்து 4 அடியை அகலமாக்கினால் இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கும். இடமா வலமா என்பதை அழைப்பிதழில் இருக்கும் ஒழுங்கிலேயே விட்டுவிடுங்கள், அதை ஏற்கெனவே இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் நின்ற வாசகம்:

நல்வரவு
கீர்த்தனா ❖ அன்ரன்
திருமண வரவேற்பு
வாருங்கள், உங்கள் வரவால் மகிழ்கிறோம்
இரு குடும்பத்தினரும்

திகதி வேண்டுமென்றால் அடியில் சிறிதாகப் போடலாம், படம் எடுப்பவர்களுக்கு உதவும். மண்டபத்தின் பெயர் வேண்டாம், வந்தவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். "வாங்கோ, வாங்கோ" என்று எழுத ஆசைப்படும் இளையவர்களும் உண்டு. எனக்கும் பிடிக்கும், ஆனால் இரு பக்கப் பெரியவர்களிடமும் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சினிமா வசனமும் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார் என்ற பகிடியும் நண்பர்கள் கட்டும் தனிப் பனருக்கு உரியவை. வேலைத்தல சிங்கள நண்பர்கள் அதிகம் வருவார்களென்றால் ஒரு வரி சிங்களத்திலும் சேருங்கள். அதை அந்த நண்பர்களில் ஒருவரே எழுதித் தரட்டும், அச்சுக்கு முன் அவரே பார்க்கட்டும்.

அச்சில்தான் மற்ற ஆபத்து. பல கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். நீங்கள் கைபேசியில் தட்டி அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது, அல்லது திரும்பத் தட்டும்போது, புள்ளி விழும், கொம்பு இடம்மாறும். பூவும் நட்சத்திரமும் நிறைந்த பின்னணியில் விழுந்த புள்ளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அன்ரன் என்பதைக் கடைக்காரர் தன் பழக்கத்தில் அன்டன் ஆக்கிவிடவும் கூடும். வாசகத்தைக் குரல்பதிவாக அனுப்பாமல் எழுத்தில் அனுப்புங்கள், கூடவே அழைப்பிதழின் படத்தையும் அனுப்புங்கள். வடிவமைத்த படம் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், தங்கள் பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை விடுதியில் வரவேற்பு என்றால் காற்றையும் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தாங்கியில் சாய்த்து வைத்த மெல்லிய பலகை நிற்காது. சட்டத்தில் அடித்த பிளெக்ஸை எடுத்து, கால்களில் மணல் மூட்டை கட்டுங்கள். நிறைகுடத்தை மறைக்காமல், ஆட்கள் வரும் வழியிலிருந்து ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் படம் எடுக்கிற கூட்டம் வாசலையே அடைத்துவிடும்.