ஏரி மீன்கணக்கில் ஒரு கிளைப்பிரிவு: தாளில் போட்டுப் பார்க்கலாம்

ஓர் ஏரியில் உள்ள மீன்வளத்தை x என்று வைத்துக்கொள்வோம். ஏரி தாங்கக்கூடிய உச்ச அளவு x = 1. ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் h அளவு மீன் பிடிக்கிறார்கள். மீன் குறைந்தாலும் பிடிக்கும் அளவு குறைவதில்லை. சமன்பாடு இது:

```
dx/dt = x(1 - x) - h
```

படி 1: சமநிலைப் புள்ளிகள். வலப்பக்கத்தைச் சுழியமாக்குங்கள். h = 0.16 என்றால் x = 0.2, x = 0.8 என இரண்டு விடைகள் வரும். இந்த இரு புள்ளிகளிலும் மீன் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

படி 2: எது நிலையானது? வலப்பக்கத்தை x-ஐப் பொறுத்து வகையிட்டால் 1 - 2x. அது 0.8-இல் -0.6, எதிர்க்குறி என்பதால் சற்று விலகினாலும் மீன்வளம் அங்கேயே திரும்பும். 0.2-இல் +0.6; அது நிலையற்றது. மீன்வளம் 0.2-க்குக் கீழே போனால் மேலே வராது, அழிந்துவிடும்.

படி 3: h-ஐ மெல்ல உயர்த்துங்கள். 0.21-இல் புள்ளிகள் 0.3, 0.7 என நெருங்குகின்றன. 0.24-இல் 0.4, 0.6. சரியாக 0.25-இல் இரண்டும் 0.5-இல் ஒன்றாகின்றன. அங்கே வகைக்கெழு சுழியம் என்பதால் படி 2-இன் சோதனை எதுவும் சொல்லாது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திகைத்து நிற்பார்கள். அப்போது இருபுறமும் குறியைப் பாருங்கள். வலப்பக்கம் -(x - 0.5)² ஆகிவிடுவதால் இருபுறமும் மீன் குறையவே செய்கிறது: மேலிருந்து வந்தால் புள்ளியை நெருங்கும், கீழிருந்தால் விலகி ஓடும்.

h அதையும் தாண்டினால் சமநிலையே கிடையாது. h மாறும்போது இப்படி இரு சமநிலைப் புள்ளிகள் ஒன்றாகி மறைவதுதான் சேணக்கணுக் கிளைப்பிரிவு. ஆனால் வீழ்ச்சி உடனே கண்ணில் படாது. h = 0.26-இல் x = 0.5 அருகே குறையும் வேகம் வெறும் 0.01. மீன்வளம் 0.8-இலிருந்து 0.2-க்கு இறங்கச் சுமார் 25 கால அலகுகள் ஆகும்; அதில் பெரும்பகுதி 0.5-ஐச் சுற்றியே கழியும். அந்த மந்தத்தைச் சமநிலை என்று நம்புவது எளிது.

படி 4: பிடிக்கும் விதத்தை மாற்றுங்கள். இருக்கும் மீனுக்கு ஏற்ற விகிதத்தில் பிடித்தால்:

```
dx/dt = x(1 - x) - hx
```

இப்போது புள்ளிகள் 0, 1 - h. அவற்றில் வகைக்கெழு முறையே 1 - h, h - 1. h = 1-இல் இரண்டும் சந்தித்து, நிலைத்தன்மையை மாற்றிக்கொண்டு பிரிகின்றன. எதுவும் மறைவதில்லை. இது டிரான்ஸ்கிரிட்டிகல் வகை. (h > 1 எனில் 1 - h எதிர்க்குறி எண், மீனுக்கு அது பொருந்தாது.)

வேறுபாடு மீட்சியில் தெரியும். இரண்டாவது முறையில் சிறிதளவு மீன் மிஞ்சியிருந்தாலும் h-ஐ 1-க்குக் கீழே கொண்டுவந்தால் போதும், வளம் பெருகும். முதல் முறையில் h 0.25-ஐத் தாண்டி, மீன்வளம் 0.3-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். h-ஐ 0.24-க்குக் குறைத்தாலும் பயனில்லை, 0.3 அப்போது நிலையற்ற புள்ளியான 0.4-க்குக் கீழே கிடக்கிறது. h 0.21-க்கும் கீழே வந்தால்தான் மீன் மறுபடி பெருகும்.