லாரி பாடியில் எத்தனை அரிசி சிப்பம் பிடிக்கும்? நீள அகலத்தை வைத்துக் கணக்குப் போடும் முறை

செங்குன்றம் மில்லில் லோடு சொல்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வருகிற வண்டியில் எத்தனை சிப்பம் பிடிக்கும்? கொருக்குப்பேட்டையில் எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நான் போடும் கணக்கை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு 26 கிலோ சிப்பத்தை எடுத்துக்கொள்வோம். 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு, கடைகளில் அதிகம் புழங்குவது இதுதான்.

முதலில் அளவு

பாடியை உட்புறமாக அளக்க வேண்டும். கேபின் பக்கப் பலகையிலிருந்து பின்கதவு வரை நீளம், இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே அகலம். 5 மீட்டர் டேப் வாங்காதீர்கள். 17 அடி பாடி 5 மீட்டரைத் தாண்டிவிடும், டேப்பை நடுவில் நிறுத்தி மறுபடி அளக்கும்போதுதான் பிசகும். 7.5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று கையில் இருந்தால் போதும்.

சிப்பத்தை அளப்பதில்தான் கவனம் தேவை. காலிப் பையின் அளவு உதவாது, அரிசி நிரம்பினால் பை உப்பிக் குறுகிவிடும். தனியாகக் கிடக்கும் ஒரு சிப்பமும் சரிப்படாது. ஐந்து சிப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிப் படுக்கவைத்து மொத்த அகலத்தை அளந்து, ஐந்தால் வகுங்கள். நீளத்தையும் அப்படியே. உயரத்துக்கு ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளக்கலாம். எங்கள் சிப்பம் 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், ஐந்தரை அங்குல உயரம்.

ஓர் அடுக்குக்கு எத்தனை

வண்டி 17 அடிக்கு 7 அடி, அதாவது 204 அங்குலம், 84 அங்குலம். பாடியின் பரப்பைச் சிப்பத்தின் பரப்பால் வகுத்தால் 47 வரும். அந்த 47-ஐ நம்பி மில்லில் லோடு சொல்லிவிடக் கூடாது. சிப்பத்தை அறுத்து வைக்க முடியாது, அதனால் ஒவ்வொரு பக்கமாக வகுத்து மீதியைத் தள்ள வேண்டும்.

எல்லாச் சிப்பத்தையும் வண்டியின் நீளவாக்கில் படுக்கவைத்தால், நீளத்தில் 8, அகலத்தில் 5, ஆக 40. எல்லாவற்றையும் குறுக்காக வைத்தால், நீளத்தில் 13, அகலத்தில் 3, ஆக 39. இரண்டிலுமே அகலத்தில் 9 அல்லது 12 அங்குலம் வீணாகிறது.

இரண்டையும் கலந்து பாருங்கள். ஒரு பக்கப் பலகையை ஒட்டி ஒரே ஒரு வரிசையைக் குறுக்காக வைத்தால் அது 24 அங்குலம் எடுக்கும். மீதி 60 அங்குலத்தில் நீளவாக்கில் 4 வரிசை சரியாக உட்காரும். குறுக்கு வரிசையில் 13, மற்ற நான்கில் எட்டெட்டாக 32, ஆக 45.

எத்தனை குறுக்கு வரிசை வைத்தால் லாபம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். எக்செலில் பாடி நீளம் B1, அகலம் B2, சிப்ப நீளம் B3, அகலம் B4, குறுக்கு வரிசை B5 என்று வைத்து இதைப் போடுங்கள்:

```
=B5*INT(B1/B4)+INT((B2-B5*B3)/B4)*INT(B1/B3)
```

B5-இல் 0, 1, 2, 3 என்று மாற்றினால் 40, 45, 42, 39 வரும். பெரியது எதுவோ அதுதான் உங்கள் அடுக்கு. ஆனால் B5-ஐ அகலம் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், 4 போட்டால் விடை தப்பாகிவிடும்.

எத்தனை அடுக்கு

அடுக்கின் எண்ணிக்கையை முடிவு செய்வது பாடியின் உயரம் இல்லை, எடைதான். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். உதாரண வண்டிக்கு 16,200-இல் 6,200 போக 10,000 கிலோ. பையோடு சேர்த்து ஒரு சிப்பம் 26.1 கிலோ என்றால் 383 வருகிறது. நான் 380-இல் நிறுத்துவேன். எட்டு அடுக்கில் 360 முடிந்து, மேலே 20 மிஞ்சும். அந்த இருபதைப் பின்கதவுப் பக்கம் போடாமல், பின் சக்கரத்துக்கு முன்னால், நடுவில் வையுங்கள். பின்னால் பாரம் கூடினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

அடுத்தடுத்த அடுக்கில் குறுக்கு வரிசையைப் பக்கம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கீழே இடது ஓரம் என்றால் மேலே வலது ஓரம். பிளாஸ்டிக் பை வழுக்கும், ஒரே இடத்தில் சந்து விழுந்தால் அட்டி பிளந்துகொண்டு சரியும். லோடுமேன் அண்ணன்களுக்கு இது பழக்கம்தான், அவசரத்தில் விட்டுவிடாமல் முதல் இரண்டு அடுக்கின்போது பக்கத்தில் நில்லுங்கள். இறக்கும்போதும் அடுக்குக்கு 45 என்று எண்ணிவிடலாம்.

பின்சேர்க்கை: 50 கிலோ சணல் மூட்டைக்கும் இதே சூத்திரம் பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருந்தும், ஆனால் குறுக்கு வரிசை மாறும். 32-க்கு 19 அங்குல மூட்டை என்றால் இதே வண்டியில் இரண்டு குறுக்கு வரிசைதான் நல்லது, அடுக்குக்கு 26 வரும். ஒன்று வைத்தால் 22 தான். மழைக்காலத்தில் சணல் ஈரம் இழுத்து எடை கூடும், அப்போது மூட்டைக் கணக்கை மட்டும் நம்பாமல் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு தார்ப்பாயைக் கட்டுங்கள்.