இரகசிய கெஸ்டில் டிஸ்க் சாவி எங்கே கசிகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளவுடில் ஓடும் மெய்நிகர் கணினியான கெஸ்டுக்கு ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி பாதுகாப்பு உண்டு என்றால் நடப்பது இதுதான். சிப்புக்குள்ளேயே இருக்கும் தனிப் பாதுகாப்புப் பிராசஸர் அந்தக் கெஸ்டுக்கென்று ஒரு ஏஇஎஸ் சாவியை உருவாக்குகிறது. அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதில்லை. கெஸ்டுகளை நிர்வகிக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் கெஸ்டின் மெமரியைப் படித்தால் குழம்பிய பைட்டுகள்தான் கிடைக்கும். எழுத முயன்றால் வன்பொருளே தடுக்கும். கெஸ்டுகளைத் தாங்கும் கணினியான ஹோஸ்டில் மெமரி டம்ப் எடுக்கும் நிர்வாகி, ஹைப்பர்வைசருக்குள் புகுந்த திருடன், பக்கத்துக் கெஸ்டிலிருந்து தப்பி வந்த நிரல் ஆகியோரிடமிருந்து காப்பு இதுவரை உறுதியானது. இன்டெலின் டிடிஎக்ஸும் இதே நோக்கத்தோடுதான் வந்தது.

இந்தக் காப்பு மெமரிக்கு மட்டும்தான். ஒரு தரவுத்தளம் லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறையான லக்ஸால் குறியாக்கம் செய்த டிஸ்கில் இருக்கிறது, டிஸ்கின் சாவி நம் சொந்தச் சாவி சர்வரில் இருக்கிறது, கெஸ்ட் பூட் ஆகும்போது அதைக் கேட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாவி போகும் வழியைப் பார்த்தாலே பெரும்பாலான தவறுகள் பிடிபட்டுவிடும்.

கெஸ்ட் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவது

பலர் செய்யும் சோதனை இது:

```
sudo dmesg | grep -i sev
```

`Memory Encryption Features active: AMD SEV SEV-ES SEV-SNP` என்ற வரி வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த வரியை அச்சிட்டது எந்தக் கர்னல்? ஹோஸ்ட் கையில் கொடுத்த கர்னலாக இருந்தால், குறியாக்கமே இல்லாத சாதாரணக் கெஸ்டிலும் அதே வரியை அச்சிட முடியும். அமைப்பு சரியா என்று நமக்கு நாமே பார்த்துக்கொள்ள இது போதும். சாவியை நம்பிக் கொடுக்க இது சான்றாகாது. சான்று வெளியே இருக்கும் சாவி சர்வரிடம் போக வேண்டும், முடிவும் அங்கேதான் எடுக்கப்பட வேண்டும்.

கையெழுத்தை மட்டும் பார்ப்பது

அந்தச் சான்றுதான் அட்டஸ்டேஷன் அறிக்கை. பாதுகாப்புப் பிராசஸர் அதில் கையெழுத்திடுகிறது. கையெழுத்து ஏஎம்டியின் சான்றிதழ்ச் சங்கிலியோடு பொருந்துகிறதா என்று சர்வர் பார்க்கிறது. பல சர்வர்கள் அதோடு நின்றுவிடுகின்றன. கையெழுத்து சரி என்றால் 'இது உண்மையான ஏஎம்டி சிப்' என்றுதான் பொருள். உள்ளே ஓடுவது நம் கெஸ்ட் என்று அது சொல்லவில்லை.

முதலில் `REPORT_DATA`. இது அறிக்கையில் உள்ள 64 பைட் இடம். கெஸ்ட் விரும்பியதை இதில் எழுதலாம். சர்வர் அனுப்பிய ஒருமுறை எண்ணை மட்டும் இதில் வைத்தால் பழைய அறிக்கையை மறுபடி காட்டும் ஏமாற்று தடைபடும். ஆனால் ஹோஸ்ட் நடுவில் உட்கார்ந்து, புதிய அறிக்கையை நம் சர்வருக்குக் கடத்தி, பதிலாக வரும் சாவியைத் தானே வாங்கிக்கொள்ள முடியும். ஆகவே கெஸ்ட் தன் மெமரிக்குள் புதிதாக ஒரு சாவி இணையை உருவாக்கி, அதன் பொதுச்சாவியையும் ஒருமுறை எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து வைக்க வேண்டும். எஸ்ஹெச்ஏ-512 சரியாக 64 பைட்தான் தரும்:

```
cat nonce.bin pub.der | openssl dgst -sha512 -binary > req.bin
snpguest report report.bin req.bin
```

சர்வர் டிஸ்க் சாவியை அந்தப் பொதுச்சாவியால் பூட்டி அனுப்பினால், நடுவில் இருப்பவருக்கு அது பயன்படாது.

அடுத்தது கெஸ்ட் கொள்கை. அதன் 19-ஆம் பிட் டீபக் அனுமதி. கொள்கை `0x30000` என்றால் டீபக் இல்லை. `0xb0000` என்று வந்தால், ஹோஸ்ட் கேட்கும் பக்கத்தைப் பாதுகாப்புப் பிராசஸரே குறிநீக்கித் தந்துவிடும். கையெழுத்து அப்போதும் சரியாகத்தான் இருக்கும். இந்தப் பிட்டைப் பார்க்காத சர்வர் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது.

அளவீடு எதை அளந்தது என்று கேட்காமல் விடுவது

அறிக்கையில் 48 பைட் அளவீடு ஒன்று இருக்கிறது. கெஸ்ட் தொடங்கும்போது மெமரியில் ஏற்றப்பட்டதன் ஹாஷ் அது. கெஸ்ட் டிஸ்கிலிருந்து பூட் ஆகிறது என்றால், அதில் அடங்குவது ஃபர்ம்வேர் மட்டுமே. கர்னலும், பூட்டின் தொடக்கத்தில் ஓடும் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியும் அடங்காது. ஹோஸ்ட் இனிட்ஆர்டியை மாற்றிவைத்து, வந்த சாவியைச் சீரியல் கன்சோலில் அச்சிடச் செய்தால் அளவீடு துளியும் மாறாது.

கெஸ்டைத் தொடங்கும் மென்பொருளான கெமுவில் நேரடி கர்னல் பூட்டோடு `kernel-hashes=on` கொடுத்தால் கர்னல், இனிட்ஆர்டி, கட்டளை வரி மூன்றின் ஹாஷும் ஃபர்ம்வேருக்குள் வைக்கப்பட்டு அளவீட்டில் சேரும். அதோடு ரூட் கோப்பு முறையை, மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் டிஎம்-வெரிட்டியால் கட்டி, அதன் ரூட் ஹாஷைக் கட்டளை வரியில் வைத்தால் சங்கிலி முழுமையாகும்.

டிஸ்கின் தலைப்பகுதியை நம்புவது

அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. டிஸ்க் ஹோஸ்டின் கையில் இருக்கிறது. லக்ஸ்2 தலைப்பகுதி குறியாக்கம் செய்யப்படாத ஜேசன். எந்தச் சைஃபரைப் பயன்படுத்த வேண்டும் என்று அதுவே சொல்கிறது. ஹோஸ்ட் அதில் `cipher_null-ecb` என்று எழுதிவைத்தால், லக்ஸ் டிஸ்கைத் திறக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் பழைய பதிப்பு எந்தக் கடவுச்சொல்லுக்கும் டிஸ்கைத் திறந்துவிடும். கெஸ்ட் பிழை எதுவும் காட்டாமல், ஹோஸ்டுக்குத் தெரிந்த சாவியோடு தரவை எழுதிக்கொண்டிருக்கும். 2025-இல் இது வெளிச்சத்துக்கு வந்தபின் கிரிப்ட்செட்டப் 2.8.1 பதிப்பில் இந்த வழி அடைக்கப்பட்டது. ஆனாலும் தலைப்பகுதியை ஒரே முறை மெமரிக்குள் எடுத்து, சரிபார்த்து, அந்த நகலாலேயே திறப்பதுதான் நல்லது:

```
dd if=/dev/vdb of=/run/hdr bs=1M count=16
sha256sum /run/hdr
cryptsetup open --header /run/hdr /dev/vdb data
```

டிஸ்கை உருவாக்கியபோது எடுத்த ஹாஷைச் சாவியோடு சேர்த்துச் சர்வரே அனுப்பட்டும். பொருந்தாவிட்டால் மூன்றாவது வரிக்குப் போகக் கூடாது. சரிபார்த்தபின் டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கக் கூடாது என்பது முக்கியம், இரண்டாவது முறை ஹோஸ்ட் வேறொன்றைக் கொடுக்கலாம்.

திறந்த பிறகு எல்லாம் முடிந்தது என்று விடுவது

டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் போகும் பைட்டுகள் குறியாக்கமில்லாத பகிர்வு மெமரி வழியாகத்தான் போகின்றன. குறியாக்கமில்லாத ஸ்வாப் ஒன்று இருந்தால் மெமரிப் பக்கங்கள் அப்படியே வெளியேறும். `swapon --show` எதையாவது காட்டினால் அது லக்ஸ் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஷ் டம்ப் எங்கே எழுதப்படுகிறது என்பதையும் அப்படியே.

லக்ஸ் இரகசியத்தைக் காக்கும், காலத்தைக் காக்காது. நேற்றைய டிஸ்க் நகலை ஹோஸ்ட் இன்று வைத்தால் எல்லாம் முறையாகத் திறக்கும், நேற்று நீக்கிய பயனர் கணக்கும் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க, வெளியே ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றை வைத்துத் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். கெஸ்டை நிறுத்துவதும் தாமதப்படுத்துவதும் ஹோஸ்டின் உரிமையாகவே இருக்கும். எந்தப் பக்கத்தை எப்போது தொட்டோம் என்பதும் அதற்குத் தெரியும், அதனால் நேர வேறுபாடு காட்டாத கிரிப்டோ நூலகங்களே உகந்தவை. தரவுத்தளத்தில் ஓர் எஸ்கியூஎல் ஊசி ஓட்டை இருந்தால் மெமரிக் குறியாக்கத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

கடைசியாக, மெமரிப் பலகையைக் கையால் தொடக்கூடியவர். 2024 டிசம்பரில் வெளியான பேட்ரேம் தாக்குதல், பலகையின் அளவைச் சொல்லும் எஸ்பிடி சிப்பைத் திருத்தி அதன் அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டியது. ஒரே மெமரிச் செல்லுக்கு இரண்டு முகவரிகள் கிடைத்ததால் பழைய குறியாக்கப் பைட்டுகளைத் திரும்ப எழுத முடிந்தது. அட்டஸ்டேஷனையே போலியாக்க முடிந்தது. ஏஎம்டி இதை ஃபர்ம்வேரில் சரிசெய்தது. அந்தத் திருத்தம் ஹோஸ்டில் இருக்கிறதா என்று அறிய, அறிக்கையில் ஃபர்ம்வேரின் பதிப்பைச் சொல்லும் டிசிபி எண்களுக்கு ஒரு கீழ்வரம்பைச் சாவி சர்வரில் வைத்து, அதற்குக் குறைந்தவற்றுக்குச் சாவி தர மறுக்க வேண்டும். பலகைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே தனிச் சுற்றைச் செருகுபவரை எந்தப் பதிப்பு எண்ணும் தடுக்காது. அப்படிப்பட்டவர் உங்கள் எதிரிப் பட்டியலில் இருந்தால் அந்தத் தரவைப் பிறர் கட்டடத்தில் வைக்காதீர்கள்.