பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் திகதியைத் தப்பவிடாமல் பிடிப்பது எப்படி?

கிளிநொச்சியோ ஒட்டுசுட்டானோ, பிள்ளை படிக்கிற வகுப்புக்கு ஒரு பெற்றோர் குழு இருக்கிறது. அதில் பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் நோட்டீசும் கைகூப்பும் படங்களும் ஓடும்; நடுவே ரீச்சர் போட்ட ஒரு வரி கிடக்கும். அந்த வரியை எடுக்கிற வழி இது. அன்ட்ரொயிட் போனை வைத்துச் சொல்கிறேன்.

1. பேசுகிறவரை அடையாளம் காணுங்கள்

வகுப்பாசிரியர், அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஆகியோரின் இலக்கங்களை "தரம்4 ரீச்சர்" என்பதுபோலச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் வெறும் இலக்கமும் அவர் வைத்த புனைபெயரும்தான் தெரியும். இவர்கள் சொல்வதுதான் அறிவித்தல். மற்றப் பெற்றோர் சொல்வது செய்தி மட்டுமே.

2. சத்தத்தை நிறுத்துங்கள்

குழுப் பெயரைத் தொட்டு, Mute notifications போய் Always கொடுங்கள். பதிலுக்கு இரண்டு நேரம் வையுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, காலை ஆறு மணிக்கு ஒன்று. கவரேஜ் இல்லாத ஊர்களில் இரவுச் செய்திகள் விடியத்தான் ஒன்றாக வந்து விழும். அதனால் காலைப் பார்வையை விடக்கூடாது.

3. "நாளை"யைத் திகதியாக மாற்றுங்கள்

பெரும்பாலும் பிசகுவது இந்த இடத்தில்தான். ஒரு மாதிரி உரையாடலைப் பாருங்கள்:

செவ்வாய் 12, இரவு 9.40, ரீச்சர்: "நாளைக்கு சுற்றாடல் ஒப்படை கொண்டுவரவும். சுற்றுலாக் காசு 1500 வெள்ளிக்கு முதல் தரவும்."
இரவு 9.48, ஒரு அம்மா: "ஓகே ரீச்சர்." (இதே பதில் இன்னும் இருபது தரம்.)
புதன் 13, காலை 6.10, ஒரு அப்பா: "காசு திங்கள் வரைக்கும் தரலாமாம்."

புதன் காலை இதைத் திறக்கிறவர் "நாளைக்கு" என்பதை வியாழன் என்று எடுத்துவிடுவார். பிள்ளை ஒப்படை இல்லாமல் போகும். செய்திக்கு மேலே நடுவில் தெரியும் திகதியைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்: ஒப்படை புதன் 13. "வெள்ளிக்கு முதல்" என்பது வியாழனோடு முடிகிறதா, வெள்ளி காலையும் சரியா என்பது தெளிவில்லை. அப்படியான இடத்தில் முந்திய நாளை எழுதுங்கள்: காசு வியாழன் 14. அந்த அப்பா சொன்ன திங்களை எழுத வேண்டாம். ரீச்சரே சொன்னால் மாற்றலாம்.

எழுதுவது சுவர்க் கலண்டரில். போன் அப்பாவோடு வயலுக்குப் போனாலும் கலண்டர் அம்மம்மாவின் கண்ணில் படும். காசு என்றால் தொகையையும் யாரிடம் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதி, கொடுத்த பிறகு பற்றுச்சீட்டை அந்தத் தாளிலேயே குத்திவிடுங்கள்.

இன்னொன்று. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் Edited என்று மட்டும் தெரியும். புதிய செய்தியைப் போல அது கீழே வராது. அனுப்பிய உடனேயே பார்த்து எழுதியவர்கள் கொஞ்சம் கழித்து மறுபடி ஒருதரம் பாருங்கள்.

4. நட்சத்திரம் போடுங்கள், பிறகு தேடுங்கள்

அறிவித்தலை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறியைத் தொடுங்கள். முன்பக்கத்து மூன்று புள்ளியில் Starred என்ற இடத்தில் எல்லாம் சேர்ந்திருக்கும். ரீச்சர் எல்லாருக்குமாக அழித்துவிட்டால் அது அங்கும் இராது, கலண்டர்தான் மிஞ்சும்.

தேடும்போது முழுச்சொல் வேண்டாம். "கட்டண" என்று அடித்தால் கட்டணம், கட்டணத்தை இரண்டும் வரும். பலர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதால் `kasu`, `naalai` என்றும் ஒருதரம் தேடுங்கள். கரும்பலகையைப் படமெடுத்துப் போட்ட வீட்டுவேலை இந்தத் தேடலில் சிக்காது. அந்தப் படத்தை அன்றைக்கே இறக்கிவிடுங்கள். நாட்பட்டால் இறங்காமல் போகலாம்.

பரீட்சை நேரசூசியை மட்டும் குழு நிர்வாகியிடம் சொல்லி 30 நாளுக்கு Pin பண்ணுவியுங்கள். மூன்று செய்திகளுக்குத்தான் இடம் உண்டு.

5. மாரிக்காலத்தில்

கார்த்திகை, மார்கழியில் "நாளை பள்ளிக்கூடம் இல்லை" என்ற செய்தி மழையோடு வரும். 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே தள்ளிப்போனது, ஆகவே எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் முடியாது. மேலே Forwarded என்று இருக்கிறதா, கடிதத்தில் எந்த ஆண்டு, எந்த வலயம் என்று பாருங்கள். போன வருடக் கடிதமும் திரும்பச் சுற்றும். மடு வலயத்துக் கடிதம் துணுக்காய்ப் பிள்ளைக்கு லீவு தராது.

சந்தேகம் தீராவிட்டால் குழுவில் கேட்காதீர்கள், முப்பது பேர் முப்பது பதில் சொல்வார்கள். ரீச்சரின் செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியில் Reply privately கொடுத்து, ஒரே வரியில் கேளுங்கள்: "வணக்கம் ரீச்சர், சுற்றுலாக் காசுக்குக் கடைசி நாள் வியாழன் 14ஆ, வெள்ளி 15ஆ?"