வார்டன் பயிற்சி: பாடத்திட்டம் எங்கே சறுக்குகிறது?

மனத்துயரில் இருக்கும் மாணவரை அடையாளம் கண்டு உரியவரிடம் சேர்க்க விடுதி வார்டன்களுக்குப் பயிற்சி தர வரும் புதியவர்கள், எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். மைக் வேலை செய்யாதது, நேரம் இழுத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கேள், இணங்கவை, சேர்ப்பி என்ற மூன்று படிகளில் முதல் இரண்டுக்கே நாள் முழுதும் போய்விடும். மூன்றாவதற்குக் கடைசிப் பத்து நிமிடம், ஒரு நம்பர் பட்டியல்.

ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கால்குலேட்டரை அறைத் தோழனுக்கே கொடுத்துவிட்டார். வார்டன் சரியாகக் கவனித்துக் கூப்பிட்டுப் பேசினார். “கவுன்சிலரைப் போய்ப் பாருப்பா” என்று நம்பரை எழுதிக் கொடுத்தார். கவுன்சிலர் அறையோ முதல்வர் அறைக்கு எதிரில், வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்திருப்பது. மாணவர் போகவில்லை. போயிருப்பார் என்று வார்டன் நிம்மதியாக இருந்தார். அறைத் தோழன் பயந்துபோய் ஓடிவந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நல்லவேளை, அப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

தளர்ந்திருப்பவருக்கு ஒரு போன் செய்வதே மலை. அதனால் வார்டனே, மாணவரின் சம்மதத்தோடு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவுன்சிலரை அழைக்க வேண்டும். நேரம் வாங்கி, கூடவே நடந்து போய் அறிமுகப்படுத்திவிட்டு வர வேண்டும். மறுநாள் “போனது எப்படி இருந்தது?” என்று கேட்க வேண்டும். பயிற்சியில் பாதி நேரத்தை இதை நடித்துப் பார்க்க ஒதுக்குங்கள்.

நடிக்கும் காட்சியை இரவு பதினொரு மணிக்கு வையுங்கள். வார்டனிடம் விஷயம் வருவது பெரும்பாலும் அப்போதுதான். கவுன்சிலர் இல்லாத அந்த நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். உயிரை விடும் எண்ணமும் திட்டமும் இருப்பதாக மாணவர் சொன்னால் தனியாக விடக்கூடாது, நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

நேரடியாகக் கேட்கத் தயங்குவது

“தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்.

ராத்திரி பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்புவது

ஒருபோதும் கூடாது. வீட்டில் யாரிடம் பேசலாம் என்று முதலில் மாணவரைக் கேளுங்கள். சிலருக்குத் துயரமே வீட்டில்தான்.

விடுதிப் பதிவேட்டில் எழுதுவது

வாட்ச்மேன் முதல் எல்லோரும் புரட்டும் நோட்டு அது. தனிக் குறிப்பேடு வைத்துப் பூட்டுங்கள்.

ஒரு நாளோடு விட்டுவிடுவது

கற்றது சில மாதங்களில் மங்கிவிடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த இரவுக் காட்சியை மறுபடி நடிக்கச் சொல்லுங்கள்.