ஆய்வுக் கட்டுரையைச் செய்தியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கட்டுரை பின்னணியில் தொடங்கி, செய்முறையைச் சொல்லி, முடிவுக்குக் கடைசியில்தான் வரும். அதே வரிசையில் செய்தியை எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. முக்கியமானதை மேலே வைத்து எழுதும் தலைகீழ் பிரமிடு முறையில் முடிவு முதலில் வரவேண்டும்.

2020 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ‘ரெகவரி’ ஆய்வை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் மருத்துவமனைகளில் கொரோனாவுக்காகச் சேர்ந்த 6,425 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். 28 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார்கள்.

“ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 6,425 நோயாளிகளை…” என்று செய்தியின் தொடக்க வரியான லீடைத் தொடங்கினால், வாசகருக்குத் தேவையானது நாலாவது பத்திக்குப் போய்விடும். இப்படி எழுதலாம்: “ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை ஒரு ஸ்டீராய்டு மருந்து குறைக்கிறது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை.”

தலைப்பில் நேரும் தவறு இன்னும் மோசமானது. “கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடிப்பு” என்று போட்டால் அது பொய்யாகிவிடும். இது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்து. வைரஸைக் கொல்வதில்லை, உடலில் எல்லை மீறும் அழற்சியை அடக்குகிறது. தலைப்பிலேயே யாருக்கு என்பது தெரியட்டும்: “ஆக்சிஜனில் இருக்கும் கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு”. கொஞ்சம் நீளம்தான், ஆனால் சரியாக இருக்கிறது.

கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்த்து எழுதுவதில் ஒரு ஆபத்து உண்டு. அங்கே முதலில் கண்ணில் படுவது மொத்தக் கணக்கு: மருந்து பெற்றவர்களில் 22.9 சதவீதம், பெறாதவர்களில் 25.7 சதவீதம் இறந்தார்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லா நோயாளிகளுக்கும் கொஞ்சம் பலன் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் குறையவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14 சதவீதம் இறந்தார்கள்.

“இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது” என்பதை “மூன்றில் ஒருவர் பிழைத்தார்” என்று மாற்றிவிடாதீர்கள். வென்டிலேட்டரில் இருந்த 100 பேரில் சுமார் 41 இறப்புகள் 29 ஆயின. இப்படித் தலைக்கணக்காகச் சொன்னால் குழப்பமே வராது.

அப்புறம், முடிவு யாருக்குப் பொருந்தாது என்ற வரம்பைக் கடைசிப் பத்தியில் வைக்கும் பழக்கம். இடம் போதாவிட்டால் சப் எடிட்டர் கீழிருந்துதான் வெட்டுவார். “ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை” என்ற வரி அப்படிப் போய்விட்டால், லேசான காய்ச்சலோடு வீட்டில் இருப்பவர் ஸ்டீராய்டைத் தேடிப் போவார். அதனால் அது முதல் இரண்டு பத்திகளுக்குள் இருந்தே ஆகவேண்டும். குலுக்கல் எப்படி நடந்தது, நிதி யார் கொடுத்தது போன்றவை கீழே போகலாம். அனுப்பும் முன் கடைசி இரண்டு பத்திகளை மறைத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் தவறான எண்ணம் தந்தால் வரிசையை மாற்றுங்கள்.