H.265-க்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு தேங்காய்க் களத்துக் கதை

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. நான்கு ஐபி கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் என்.வி.ஆர். என்ற ரெக்கார்டர் ஒன்று, அதற்குள் 1 டிபி ஹார்ட் டிஸ்க். களத்துக்காரர் ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். "தம்பி, H.265-க்கு மாத்துனா ரெண்டு மடங்கு நாள் ரெக்கார்டிங் நிக்கும்னாங்க. மாத்தி ஒரு மாசம் ஆச்சு. இன்னமும் ஆறு நாளைக்கு மேல பின்னாடி போக மாட்டேங்குதுங்களே?"

நேரில் போய் மெனுவைத் திறந்தேன். வீடியோவைச் சுருக்கும் முறை பழைய H.264-இலிருந்து மாறி H.265 என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே நொடிக்கு எவ்வளவு தரவு எழுத வேண்டும் என்று சொல்லும் பிட்ரேட் மட்டும் பழைய 4096 கேபிபிஎஸ்ஸிலேயே நின்றது. இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இதுதான்.

டிஸ்க்கில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை பிட்ரேட்தான் தீர்மானிக்கிறது. பிட்ரேட்டை நிலையாக வைத்திருந்தால், எந்த முறையில் சுருக்கினாலும் நொடிக்கு அதே அளவு தரவுதான் டிஸ்க்கில் போய் விழும். 1 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி எடுக்கும். அங்கே ஒவ்வொரு கேமராவும் 4096, அதாவது சுமார் 4 எம்பிபிஎஸ். நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 173 ஜிபி ஆகிறது, 1 டிபி ஆறு நாளுக்குள் நிரம்பிவிடுகிறது. H.265 தருவது என்னவென்றால், பிட்ரேட்டைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தாலும் படம் அவ்வளவாகக் கெடாது. அந்தப் பாதியாக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நான்கையும் 2048 ஆக்கியதும் கணக்கு பதினொன்றரை நாளுக்கு ஏறியது.

ஆனால் எல்லாக் கேமராவுக்கும் பாதி போதும் என்று நினைக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். தென்னை ஓலை முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் காட்சியில் ஒவ்வொரு நொடியும் படமே மாறுகிறது, அப்போது சுருக்குவதற்கு அதிகம் மிஞ்சாது. இருட்டில் வரும் புள்ளி இரைச்சலுக்கும் இதே கதிதான். அப்படிப்பட்ட கேமராவில் பிட்ரேட்டை ரொம்பக் குறைத்தால் முகமும் நம்பர் பிளேட்டும் குழம்பிப்போகும். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு துண்டு பதிவு செய்து பார்த்துவிட்டுத்தான் நான் அளவை முடிவு செய்கிறேன்.

இரண்டாவது தவறு என்னுடையது. பதினொன்றரை நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்தப் பதிவை அவர் எங்கே போட்டுப் பார்ப்பார் என்று கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஏற்றிவிட்ட ஒரு லோடில் 200 காய் குறைகிறது என்று வாங்கியவர் தரப்பில் புகார் வந்தது. ஏற்றும்போது எண்ணியது கேமராவில் இருக்கிறதே என்று, அந்த முக்கால் மணி நேரத்தைப் பென்டிரைவில் எடுத்து, கணக்கு எழுதும் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் போட்டார்கள். கோர் 2 டுவோ, விண்டோஸ் 7. கணக்குப் போட இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிற பெட்டி. அதில் ஆள் காயைத் தூக்கும் இடத்தில் படம் உறைந்தது. அடுத்த காட்சி வரும்போது மூலையில் இருந்த கடிகாரம் நான்கு நொடி தாண்டியிருந்தது. நடுவில் எத்தனை காய் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. H.264 தரநிலை 2003-இல் வந்தது. படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து எழுதுகிறது. 2013-இல் வந்த H.265 கட்டத்தை 64-க்கு 64 வரை விரித்து, தேவைப்பட்ட இடத்தில் சின்னதாக உடைத்து, இன்னும் நிறைய வழிகளில் எழுதுகிறது. அதனால் கோப்பு சிறுக்கிறது, திரும்ப விரிக்கும் வேலை கூடுகிறது. அந்த வேலையைச் செய்யும் தனிப் பகுதி இன்டெல் சிப்புகளில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக இருக்கிறது. அதற்கு முந்தைய பெட்டிகளில் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழும். கோர் 2 டுவோவுக்கு அது தாங்காது.

அந்த அறையில் இருந்த பையன் நல்லெண்ணத்தில், வீடியோவை விரிக்கும் மென்பொருள்கள் அடங்கிய ஒரு கோடெக் பேக்கை இறக்கிப் போட்டிருந்தான். மூன்றாவது தவறு இது. நோய் இரண்டு விதம், மருந்தும் வேறு வேறு. சத்தம் வந்து படம் கருப்பாக இருந்தாலோ, கோப்பைத் திறக்கவே மறுத்தாலோ, பிளேயருக்கு அந்த முறை தெரியவில்லை என்று பொருள். வி.எல்.சி. போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்குள்ளேயே H.265 விரிக்கும் பகுதி உண்டு. படம் வருகிறது, ஆனால் திணறுகிறது, நேரம் தாவுகிறது, சாம்பல் நிறத்தில் இழுசுகிறது என்றால் பெட்டிக்குப் பலம் போதவில்லை. அப்போது எதை இன்ஸ்டால் செய்தும் பயனில்லை. வி.எல்.சி.யில் படம் ஓடும்போது `Ctrl+J` அழுத்தினால் கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று தெரியும். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சிபியு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அன்றைக்கு உடனடி வழி கண் முன்னாலேயே இருந்தது. என்.வி.ஆரின் எச்.டி.எம்.ஐ. துளையில் வீட்டு டிவியைச் செருகினோம். ரெக்கார்டருக்குள் அதற்கென்றே சிப் இருப்பதால் படம் தங்குதடையில்லாமல் ஓடியது, காயை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். வாங்கியவருக்கு அனுப்ப, என் லேப்டாப்பில் ffmpeg என்ற மென்பொருளால் H.264 நகல் ஒன்று செய்தேன்:

```
ffmpeg -i gate.mp4 -c:v libx264 -crf 23 -c:a aac gate_264.mp4
```

நகல் செய்தவுடன் மூலத்தை அழித்துவிடாதீர்கள். விவகாரம் போலீஸ், கோர்ட் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் எழுதப்படும். மாற்றிய நகலின் ஹாஷ் மூலத்தோடு ஒருபோதும் பொருந்தாது. ரெக்கார்டரிலிருந்து வந்த கோப்பை அப்படியே கொடுங்கள், பார்ப்பதற்கு எளிதாக நகலைத் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள்.

H.265+ என்று மெனுவில் இருப்பதையும் யோசிக்காமல் தொடுபவர்கள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் H.265 மீது சேர்த்த சொந்த ஏற்பாடு அது. நடுவில் மாற்றங்களை மட்டும் எழுதி, முழுப் படம் வரும் இடைவெளியை நீட்டி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. விளைவாக, பழைய பெட்டியில் ஒரு முறை படம் இழுசினால் அடுத்த முழுப் படம் வரும்வரை இழுசியபடியே நிற்கும். குறிப்பிட்ட நொடிக்கு இழுத்துப் போவதும் கடினம். எண்ணிக்கை பார்க்க வேண்டிய கேமராவில் நான் அதைப் போடுவதே இல்லை.

கோஆக்சியல் கம்பியில் ஓடும் அனலாக் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த அமைப்பைக் கேமராவில் தேட வேண்டாம், அங்கே சுருக்குவது டி.வி.ஆர். என்ற ரெக்கார்டர்தான்.

களத்தில் கடைசியாக இப்படி வைத்தோம். லோடு ஏற்றும் வாசல் கேமரா மட்டும் H.264, 4096. மற்ற மூன்றும் H.265, 2048. மொத்தம் 10 எம்பிபிஎஸ், நாளைக்கு 108 ஜிபி. ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் மேல் நிற்கிறது. புதிய அமைப்பு அதற்குப் பின் பதிவாவதற்கு மட்டும்தான் பொருந்தும் என்பதால், முந்தைய பதிவுகள் அழியும்வரை அவற்றை டிவியில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். கிளம்பும் முன் வாசல் கேமராவில் ஐந்து நிமிடம் எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, அதே கோர் 2 டுவோவில் ஓட்டிப் பார்த்தோம். கடிகாரம் ஒரு நொடிகூடத் தாவவில்லை.